"பார்சல் எப்போ வரும்?": ஒரு சுங்குடிப் புடவைக் கடை தன் டெலிவரி விதிகளைத் திருத்தி எழுதிய விவரம்

மதுரையில் அக்காவும் தங்கையுமாக நடத்தும் சிறிய கடை அது. சுங்குடிப் பருத்திப் புடவைகளை இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்து, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறார்கள். வேலைக்கு ஆள் கிடையாது. படம் எடுப்பது, மடித்துப் பேக் செய்வது, தபால் நிலையம் போவது எல்லாம் இருவரும்தான். இதற்கு நடுவில் நாள் முழுக்க வரும் "எப்போ வரும் சிஸ்?", "டிராக்கிங் ஐடி வரலையே?", "ரிட்டர்ன் உண்டா?" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அவர்களுக்குப் பொழுது போய்க்கொண்டிருந்தது.

விதிகளைச் சொல்லும் பதிவு ஒன்று ஏற்கெனவே இருந்தது. பூப்போட்ட பின்னணியில் நான்கே வரி: "3–5 வேலை நாட்களில் டெலிவரி. ஷிப்பிங் எக்ஸ்ட்ரா. நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச். டேமேஜ் இருந்தால் ஓப்பனிங் வீடியோ கட்டாயம்." பல சின்னக் கடைகளில் இதே வாசகத்தைப் பார்க்கலாம். "இவ்வளவு தெளிவாப் போட்டும் யாரும் படிக்கிறதில்லை" என்பது அக்காவின் வருத்தம். படிக்காமல் கேட்கிறவர்கள் எல்லாக் கடைக்கும் உண்டு. ஆனால் இங்கே வந்த மெசேஜ்களை வரிசையாகப் படித்தபோது, கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பதிவைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். "3–5 டேஸ்னு போட்டிருந்தீங்க, இன்னும் வரலையே" என்றுதான் பலரும் ஆரம்பித்திருந்தார்கள். படித்த பதிவுதான் அவர்களைக் கேட்க வைத்தது.

அதனால் புதுப் பதிவு எழுதுவதற்கு முன், அவர்கள் இருவரோடு நானும் சேர்ந்து பழைய உரையாடல்களைப் பிரித்துப் பார்த்தோம். என்ன கேட்டார்கள் என்பதைவிட, எந்தக் கட்டத்தில் கேட்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டதுதான் உதவியது. வாட்ஸாப் பிசினஸில் லேபிள் போடும் வசதி இருக்கிறது. பணம் கட்டும் முன், பணம் கட்டிய பின், டிராக்கிங் எண் போன பின், பார்சல் கைக்கு வந்த பின் என்று நான்கு லேபிள் போட்டோம். அப்படிப் போட்டவுடன் "எப்போ வரும்?" என்ற ஒரே கேள்வி மூன்றாகப் பிரிந்தது. பணம் கட்டும் முன் கேட்பவருக்கு வீட்டில் விசேஷம் இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் புடவை வேண்டும். பணம் கட்டிய அன்று இரவு கேட்பவருக்குத் தேதி அவ்வளவு முக்கியமில்லை. பணம் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவர் கவலை. டிராக்கிங் எண் போன பிறகு கேட்பவர், திரையில் ஒரே வரி இரண்டு நாளாக அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பயந்து கேட்கிறார். மூவருக்கும் பழைய பதிவு சொன்ன பதில் "3–5 வேலை நாட்கள்" மட்டும்தான்.

அந்த வரியின் பெரிய குறை, நாளை எப்போதிலிருந்து எண்ணுவது என்று சொல்லாததுதான். கடைக்காரருக்குக் கணக்கு தபால் நிலையத்தில் பார்சலைக் கொடுத்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறது. வாங்குகிறவருக்கோ ஜிபேயில் பணம் போன நிமிடத்திலிருந்து. ஓர் ஆர்டரை எடுத்துப் பார்க்கலாம். திருநெல்வேலியில் இருக்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு 7 மணிக்குப் பணம் கட்டுகிறார். அன்றைய பார்சல்கள் அதற்குள் போய்விட்டதால் அவருடையது சனிக்கிழமைதான் போகும். ஞாயிறு கணக்கில் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று வேலை நாள். ஆக, புதன்கிழமை வந்தால் கடையின் கணக்குப்படி சரியான நேரத்தில் வந்திருக்கிறது. ஆனால் அவர் வெள்ளியோடு மூன்றைக் கூட்டி, திங்கட்கிழமையே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். திங்கள் மாலையிலிருந்து புதன் வரை அவர் அனுப்பும் ஒவ்வொரு மெசேஜும் இந்த இரண்டு நாள் வித்தியாசத்திலிருந்து பிறக்கிறது. தாமதம் எதுவும் நடக்கவே இல்லை.

புதுப் பதிவின் முதல் பத்தியை இப்படி எழுதினோம்:

"பகல் 2 மணிக்குள் பணம் கட்டினால் அன்றே பார்சல் தபால் நிலையம் போகும். 2 மணிக்கு மேல் என்றால் அடுத்த வேலை நாள் போகும். ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் சேராது. பார்சல் போன நாளை விட்டுவிட்டு எண்ணினால், தமிழ்நாட்டுக்குள் 3 வேலை நாள், கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானாவுக்கு 5 வேலை நாள், மற்ற மாநிலங்களுக்கு 9 வேலை நாள் வரை ஆகும். உதாரணம்: வெள்ளி இரவு பணம் கட்டி, ஊர் திருநெல்வேலி என்றால் புதன்கிழமைக்குள் வரும்."

அந்த உதாரண வாக்கியத்தை எடுத்துவிடலாம், நீளமாக இருக்கிறது என்று தங்கை சொன்னார். நான் பிடிவாதமாக வைக்கச் சொன்னேன். விதியை மட்டும் எழுதினால் படிப்பவர் மனசுக்குள் கூட்டிக் கழிக்க வேண்டும். கிழமை பெயரோடு ஒரு உதாரணம் இருந்தால் தன் ஆர்டரை அதில் பொருத்திப் பார்த்துக்கொள்வார். அதுவும் வெள்ளி இரவு போல ஞாயிறு இடையில் வரும் உதாரணமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஆர்டரை உதாரணமாகக் காட்டினால் எந்தக் குழப்பமும் தீராது.

இந்த 3, 5, 9 எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். கடையில் இருந்த பழைய தபால் ரசீதுகளையும் டிராக்கிங் விவரத்தையும் வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் பத்தில் ஒன்பது பார்சல் எத்தனை நாளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எடுத்த எண் அது. சென்னைக்கு மறுநாளே போன பார்சல்களும் உண்டு. அந்த வேகத்தைப் பெருமையாகப் போட்டால் அடுத்த பத்துப் பேர் மறுநாள் மாலையே கேட்பார்கள். முன்கூட்டி வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, சொன்ன நாளைத் தாண்டினால்தான் கேட்கிறார்கள். அதனால் பதிவில் இருக்க வேண்டியது கடைசி நாள்தான்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பொருள் குறையுடன் இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன கெடுவைத் தாண்டித் தாமதமாக வந்தாலோ, விற்றவர் பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பவும் மறுக்கக் கூடாது. வெள்ளம் மாதிரி கையை மீறிய காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது, பதிவில் ஒரு நாளை எழுதினால் அது வாக்குறுதி ஆகிவிடுகிறது. "சீக்கிரம் வந்துடும் சிஸ்" என்ற தொனியில் மூன்று நாள் என்று போடும் கடைகள் இதை யோசிப்பதில்லை.

இரண்டாவது கவலை, பணம் போய்ச் சேர்ந்ததா என்பது. இதற்குப் பதிவு எழுதிப் பயனில்லை, உடனடி மெசேஜ்தான் வேண்டும். முன்பெல்லாம் ஸ்கிரீன்ஷாட் வந்தால் ஒரு கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிட்டு அக்கா வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அதற்குப் பதிலாக வாட்ஸாப் பிசினஸின் குவிக் ரிப்ளையில் `/panam` என்று ஒரு பதிலைச் சேமித்தோம். அதைத் தட்டினால், "பணம் வந்துவிட்டது. உங்கள் பார்சல் ___ கிழமை தபால் நிலையம் போகும். அன்று இரவு 8 மணிக்குள் டிராக்கிங் எண் அனுப்புவோம். ___ கிழமைக்குள் கைக்கு வரும்" என்று வரும். இரண்டு கோட்டிலும் கிழமையை நிரப்பினால் போதும். டிராக்கிங் எண் எப்போது வரும் என்பதற்கு ஒரு நேரம் சொன்னதுதான் இதில் வேலை செய்தது. நேரம் தெரிந்தால் அதுவரை காத்திருக்கிறார்கள். தெரியாவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை கேட்கிறார்கள்.

மூன்றாவது, டிராக்கிங் பக்கத்தைப் பார்த்து வரும் பயம். ஸ்பீட் போஸ்ட் எண் `EX123456789IN` போல இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் `IN` என்று 13 இடம் கொண்டது. சிலர் எழுத்துகளை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் போட்டுப் பார்த்து "ராங் நம்பர்னு வருது" என்று எழுதியிருந்தார்கள். எண்ணைப் படமாக அனுப்பினால் இந்தப் பிழை அதிகம். காப்பி செய்யும்படி தனி மெசேஜாக அனுப்பினால் தீர்ந்துவிடும். அடுத்தது திரையில் தெரியும் ஆங்கில வரிகள். `Item Bagged` என்றால் பார்சல் அடுத்த ஊருக்குப் போகும் பையில் கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு வரி சில நாள் மாறாமல் நிற்கலாம். இதைத் தெரியாதவருக்கு எங்கேயோ தொலைந்துவிட்டது போலத் தோன்றும்.

எண்ணோடு போகும் மெசேஜில் இப்படிச் சேர்த்தோம்: "எண்ணை இன்று இரவே போட்டால் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம், நாளை பாருங்கள். ஒரே வரி இரண்டு நாள் நின்றாலும் பார்சல் பயணத்தில்தான் இருக்கும். 3 வேலை நாள் முழுதாக மாறாமல் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். ரசீது எங்களிடம் இருப்பதால் புகார் நாங்களே கொடுப்போம்." கேட்காதீர்கள் என்று எங்கேயும் எழுதவில்லை. எப்போது கேட்க வேண்டும் என்று எழுதினோம். அந்த எல்லை தெரிந்த பிறகு அதற்கு முன் கேட்பவர்கள் குறைந்தார்கள், அதைத் தாண்டிக் கேட்டவர்களின் பார்சலில் நிஜமாகவே ஏதோ சிக்கல் இருந்தது. பெரும்பாலும் பின்கோடு தப்பாக இருக்கும், அல்லது கதவு பூட்டியிருந்ததால் திரும்பி வந்திருக்கும். அதற்கும் ஒரு வரி சேர்த்தோம்: முகவரி தப்பாலோ ஆள் இல்லாததாலோ பார்சல் கடைக்கே திரும்பினால், மறுபடி அனுப்பும் தபால் செலவு வாங்கியவருடையது. முகவரியைக் கடைக்காரர் தப்பாக எழுதியிருந்தால் கடையுடையது.

ஷிப்பிங் கட்டணத்துக்கு அதிகம் மெனக்கெடவில்லை. "எக்ஸ்ட்ரா" என்ற சொல்லை எடுத்துவிட்டு ரூபாயைப் போட்டோம். ஒரு சுங்குடிப் புடவை பேக்கிங்கோடு 500 கிராமுக்குள் அடங்கும். இரண்டாவது புடவை சேர்ந்தால் எடை அடுத்த படிக்குப் போகும். அதனால் ஒன்றுக்கு எவ்வளவு, இரண்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினால் அந்தக் கேள்வி முடிந்தது.

ரிட்டர்ன் விஷயத்தில்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. "நோ ரிட்டர்ன்" என்று போட்டால் தொல்லை இல்லை என்று நினைக்கிறோம், ஆனால் அந்த வரி சட்டத்தில் நிற்காது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் குறித்த காலத்துக்குள் எடுக்க வேண்டும், பில்லில் காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள். சட்டம் சொல்வது பில் அல்லது ரசீது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் "3 நாளுக்குள் சொல்லுங்கள்" என்று எழுதிவிட்டு, பார்சலுக்குள் வைக்கும் பில்லில் எழுதாமல் விட்டால் அந்த மூன்று நாளுக்கு வலு குறைவு. இப்போது பில்லின் அடியிலும் அதே வாசகம் அச்சாகிறது.

இன்னொன்று, "நோ ரிட்டர்ன்" என்ற வரிதான் அதிகக் கேள்விகளைக் கொண்டுவந்தது. அப்படிப் போட்ட கடையில் கிழிசல் வந்தால் என்ன செய்வார்கள் என்ற சந்தேகம் யாருக்கும் வரும். இந்தக் கடையில் கிழிசல் வந்தால் அக்கா சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடுவார். நடைமுறை நன்றாகவே இருந்தது, எழுத்துதான் கடுமையாக இருந்தது.

எது குறை, எது குறையில்லை என்று பிரிப்பது சுங்குடியில் கொஞ்சம் நுணுக்கமான வேலை. துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுப்பதால் புள்ளிகள் அச்சடித்தது போல ஒரே அளவில் இருக்காது. கட்டிய இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் இதை டேமேஜ் என்று நினைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் சுங்குடி என்ற பெயரில் மெழுகு அச்சுப் புடவைகளும் விற்கிறார்கள், இந்தக் கடையிலும் இரண்டும் உண்டு. முடிச்சுப் புடவைக்குச் சொல்லும் சமாதானத்தை அச்சுப் புடவைக்குச் சொல்ல முடியாது. அச்சில் ஓரிடம் விட்டுப்போயிருந்தால் அது குறைதான். ஆகவே ஒவ்வொரு படத்தின் கீழும் இது முடிச்சா அச்சா என்று எழுதுவது என்று முடிவாயிற்று. ரிட்டர்ன் விதி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்றால் விற்பனை வரி முதலில் சரியாக இருக்க வேண்டும்.

பதிவில் சேர்ந்த பத்தி இது:

"கிழிசல், ஓட்டை, கறை, நீங்கள் தேர்ந்தெடுத்தது அல்லாத வேறு புடவை: இவை எங்கள் தவறு. பார்சல் வந்த 3 நாளுக்குள், துவைக்காமல், ஃபால்ஸ் தைக்காமல், இரண்டு படம் அனுப்புங்கள். ஒன்றில் குறை தெரிய வேண்டும், இன்னொன்றில் பார்சல் கவரில் உள்ள முகவரி தெரிய வேண்டும். திருப்பி அனுப்பும் தபால் செலவையும் நாங்கள் தருகிறோம். முடிச்சுச் சுங்குடியில் புள்ளிகள் சற்றுப் பெரிதும் சிறிதுமாக இருப்பதும், முடிச்சு இடத்தில் சுருக்கம் இருப்பதும் அந்த வேலையின் இயல்பு. முதல் சலவையில் கொஞ்சம் சாயம் போகும், தனியாக அலசுங்கள். நிறம் பிடிக்கவில்லை, வேறு வேண்டும் என்றால் ஒரு முறை மாற்றித் தருகிறோம், அப்போது இரண்டு பக்கத் தபால் செலவும் உங்களுடையது."

ஓப்பனிங் வீடியோ கட்டாயம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டோம். இதில் அக்காவுக்குத் தயக்கம் இருந்தது. ஏமாற்றுபவர்கள் வருவார்களே என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் வயதானவர் ஒருவர் பார்சலைப் பிரித்த பிறகுதான் விதியைப் படிக்கிறார் என்றால், கிழிந்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குறையுள்ள பொருளை மறுக்க மேலே சொன்ன சட்டம் இடம் கொடுப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பதிலாகக் கடைப் பக்கத்தில் ஒரு வேலையைச் சேர்த்தோம். பேக் செய்யும் முன் புடவையை விரித்து, முந்தானையும் உடலும் தெரிய இரண்டு படம் எடுத்து ஆர்டரோடு வைத்துக்கொள்வது. அப்படி எடுக்கும்போதே ஓட்டைகள் கண்ணில் பட்டுவிடுகின்றன, அந்தப் புடவை அனுப்பப்படுவதில்லை.

ரீஃபண்டில் தொல்லை தரும் இடம், "அனுப்பியாச்சு" என்று கடை சொல்லி, "வரலையே" என்று வாங்கியவர் சொல்வது. யுபிஐயில் போன ஒவ்வொரு பணத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. செயலியில் அது `UTR` அல்லது `UPI transaction ID` என்ற பெயரில் தெரியும். அந்த எண்ணையும் தேதியையும் அனுப்பிவிட்டால் அவர் தன் வங்கிக் கணக்கிலேயே தேடிக்கொள்ளலாம். பதிவில் எழுதியது: "திரும்பிய புடவை எங்களிடம் வந்த 2 வேலை நாளில், நீங்கள் பணம் கட்டிய அதே கணக்குக்கு அனுப்பி, 12 இலக்க எண்ணைத் தருவோம்."

இதோடு கலந்து வரும் இன்னொரு கேள்வி உண்டு. பணம் கட்டும்போது வாங்குபவர் கணக்கில் கழிந்துவிடும், கடைக்கு வந்திருக்காது. இது ரீஃபண்டே அல்ல, கடையிடம் திருப்பிக் கொடுக்கப் பணமே இல்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி இப்படிச் சிக்கும் யுபிஐ பணத்தை வங்கிகளே திருப்ப வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள், வணிகருக்குக் கட்டியது என்றால் 5 நாளுக்குள். இதைப் பதிவில் சேர்க்காமல் தனி குவிக் ரிப்ளையாக வைத்தோம். எல்லோரும் படிக்க வேண்டிய விஷயம் அல்ல, நேர்ந்தவருக்கு மட்டும் போதும்.

முழுப் பதிவையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேலே பின் செய்தாயிற்று. படத்தில் இருப்பது நாளும் கிழமையும் மட்டும்தான், மீதி எல்லாம் கேப்ஷனில். பூப்போட்ட பின்னணி போய் வெள்ளைப் பின்னணியில் பெரிய எழுத்து வந்தது. வாட்ஸாப்பில் முழுப் பதிவையும் யாருக்கும் அனுப்புவதில்லை. நீளமான மெசேஜ் பாதியில் மடங்கி `Read more` என்று நின்றுவிடும், யாரும் விரிப்பதில்லை. அந்தந்தக் கட்டத்துக்கு உரிய பத்தி மட்டும் போகிறது.

இதன் பிறகு, பணம் கட்டிய அன்று இரவு வரும் மெசேஜ்கள் ஏறக்குறைய நின்றுபோயின. டிராக்கிங் கேள்விகள் நன்றாகக் குறைந்தன. பணம் கட்டும் முன் கேட்கும் கேள்வி நிற்கவில்லை, ஆனால் வடிவம் மாறியது. "எப்போ வரும்?" என்பதற்குப் பதிலாக "22ஆம் தேதி வளைகாப்பு, இன்னைக்குக் கட்டினா கோயம்புத்தூருக்கு வந்துடும்தானே அக்கா?" என்று கேட்கிறார்கள். இது நிற்க வேண்டிய கேள்வியும் அல்ல, வாங்கத் தயாரானவர் கேட்பது. ஃபோனில் குரல் கேட்டால்தான் நம்பிக்கை வரும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் பதிவும் உதவாது, பேசித்தான் ஆக வேண்டும்.

பண்டிகைக் காலத்தில் மட்டும் 3, 5, 9 பொருந்துவதில்லை. அப்போது பதிவின் தலையில் தனி வரி ஏறும், அதில் நாள் எண்ணிக்கைக்குப் பதில் கடைசித் தேதியே இருக்கும். 2025 தீபாவளியை உதாரணமாக எடுத்துக்கொண்டால், அது அக்டோபர் 20, திங்கட்கிழமை. தமிழ்நாட்டுக்குள் மூன்றுக்குப் பதில் ஐந்து வேலை நாள் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால், 11ஆம் தேதி சனிக்கிழமை பகல் 2 மணிக்குள் பணம் கட்டியவருக்கு 17ஆம் தேதி வெள்ளிக்குள் வர வேண்டும். 18ஆம் தேதி சனிக்கிழமை ஒரு நாள் கையிருப்பு. எனவே வரி இப்படி இருக்கும்: "தீபாவளிக்குக் கட்ட வேண்டும் என்றால், தமிழ்நாட்டுக்குள் அக்டோபர் 11, சனி பகல் 2 மணிக்குள் பணம் கட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆர்டர் எடுப்போம், தீபாவளிக்குள் வரும் என்று சொல்ல மாட்டோம்." இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் 13ஆம் தேதி கட்டியவர்களும் அதே எதிர்பார்ப்போடு இருப்பார்கள். பண்டிகை முடிந்த அன்றே அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

பதிவின் கடைசி வரியில் அது எந்தத் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது என்று போட்டிருக்கிறோம். விதியை மாற்றினால் அந்தத் தேதியும் மாறும். அதற்கு முன் ஆர்டர் செய்தவருக்கு, அவருடைய பில்லில் அச்சான பழைய விதிதான்.